மோதல்கள்: பூஜ்யம்

விசாரணை அறையில் நர்ஸ் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"ஸ்கிரீன்ல பத்து மில்லிகிராம், ரெண்டு மாத்திரைன்னு இருந்துச்சு மேடம். சந்தேகமா இருந்துச்சுன்னு பார்மசிக்கு போன் பண்ணேன். ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதுதான்னு சொல்லிட்டாங்க. குடுத்தேன்."

ரத்தக்கொதிப்பு மாத்திரை. பத்து மில்லிகிராம் கொடுக்க வேண்டிய நோயாளிக்கு இருபது போய், குளியலறையில் மயங்கி விழுந்து, நெற்றியில் ஏழு தையல். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் 'கவனக்குறைவு' என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். எழுதினால் அவள் வேலை போயிற்று.

வார்டுக்கு ஒரு மென்பொருள், மருந்தகத்துக்கு இன்னொன்று. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஒத்துப்போக வைப்பது என் வேலை. முன்பெல்லாம் அந்த இடைவெளியில் ஒரே பதிவை இரு பக்கமும் திருத்தினால், கடைசியாகத் திருத்தியவருடையதே முழுதாக நிற்கும். மற்றவர் எழுதியது காற்றோடு போகும். அது பொறுக்காமல் மூன்று மாதம் முன்பு நான்தான் புது விதி போட்டேன். போன முறை ஒத்துப்போன நகலோடு ஒப்பிட்டு, பதிவில் யார் எந்தக் கட்டத்தை மாற்றினார்களோ அதை மட்டும் எடுத்துக்கொள். இருவரும் ஒரே கட்டத்தைத் தொட்டால்தான் மோதல். அப்போது நிறுத்தி மனிதரைக் கேள். வாயெல்லாம் பல்லாக எல்லோருக்கும் விளக்கினேன்.

அந்த நோயாளிக்கு ஐந்து மில்லிகிராம், ஒரு மாத்திரை என்றிருந்தது. டாக்டர் அளவை இரட்டிப்பாக்க, வார்டில் எண்ணிக்கையை இரண்டாக்கினார். கையோடு மருந்தகத்துக்கும் போனில் சொன்னார். அங்கே, 'எதுக்கு ரெண்டா விழுங்கணும்?' என்று பத்து மில்லிகிராம் மாத்திரையாக மாற்றினார்கள். எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தது. இரண்டும் சரி. தொட்டது வேறு வேறு கட்டம்: ஒருவர் எண்ணிக்கையை, மற்றவர் மில்லிகிராமை. என் விதி இரண்டையும் சமத்தாகச் சேர்த்து வைத்தது: பத்து, இரண்டு. பக்கத்திலேயே 'மோதல்கள்: பூஜ்யம்' என்றும் குறித்துக்கொண்டது.

இன்று காலைதான் கண்டுபிடித்தேன். வேறு யாருக்கும் தெரியாது. கம்மென்று இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதற்காக இப்போதும் கூசுகிறது.

"எழுதாதீங்க மேடம்," என்றேன். "தப்பு அவங்களோடது இல்ல, என்னோடது. எத்தன மில்லிகிராம், எத்தன மாத்திரை, ரெண்டும் சேந்ததுதான் ஒரு டோஸ். அத தனித்தனியா பிரிச்சது நான்."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

கண்காணிப்பாளர் பேனாவை மூடவில்லை. "இந்த மூணு மாசத்துல இன்னும் எத்தன பேருக்கு இப்படி?"

தெரியவில்லை. மோதலே இல்லை என்று முடிவானதை யார் எண்ணிவைத்தார்கள்? விதியை அப்போதே நிறுத்தினேன். இரு பக்கத்து மாற்ற வரலாற்றையும் எதிரெதிரே வைத்துத் தேடினேன். நர்ஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பகல் ஒரு மணிக்குப் பட்டியல் வந்தது. பதினொரு பேர்.

"இதுல இன்னும் வார்டுல இருக்கறது எத்தன பேரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர்தான்."

மற்ற ஒன்பது பேரும் எங்கள் மருந்துச் சீட்டோடு வீட்டுக்குப் போனவர்கள். அதில் எழுதியிருந்தபடியே இன்று காலையும் விழுங்கியிருப்பார்கள்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.