எங்கே அமுக்கினாலும் போத்தல்

எங்கள் மேலாளர் சுகுமாறனுக்கு மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள், எண்ணிக்கைதான் படும். ஜொகூர் பாருவில் களைக்கொல்லி விற்கிற நிறுவனம் எங்களுடையது. அதன் இணையத்தளத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். அவற்றைப் பராமரிப்பது என் வேலை.

போன மாதம் ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் மேலே இருந்த வழிவரியை எடுக்கச் சொன்னார். ‘முகப்பு › களைக்கொல்லிகள் › இந்த மருந்து’ என்று நிற்குமே, அதுதான். கூகலில் தேடி நேராக உள்பக்கத்தில் வந்து விழுகிறவர்கள் அதைப் பிடித்துத்தான் மேலே ஏற முடியும்.

“மேல போனா வாங்க மாட்டாங்க லா, லோஷினி,” என்றார்.

அடியில் ‘தொடர்புடைய பக்கங்கள்’ என்ற இடத்தில் ‘கண்ணில் பட்டால் முதலுதவி’ என்று ஓர் இணைப்பு இருந்தது. அதையும் தூக்கிவிட்டு, ‘இதையும் வாங்கலாம்’ என்று வேறு போத்தல்களின் படங்களை அடுக்க வைத்தார். விஷம் விற்கிற பக்கத்தில் இது வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தேன். கேட்கவில்லை.

நேற்றுக் காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. சிகாமட் பக்கம் சாஆ என்ற ஊரின் செம்பனைத் தோட்டத்திலிருந்து வசந்தன் என்ற மண்டோர், ஆட்களை மேய்க்கிற கங்காணி. அங்கே மருந்தடிக்கிற செல்லம் என்ற பெண்ணின் கண்ணில் மருந்து தெறித்துவிட்டது.

“என்ன செய்யணும்னு ஃபோன்ல தேடிக்கிட்டே இருக்கேன் தங்கச்சி, எங்க அமுக்குனாலும் போத்தல்தான் வருது!”

“தேடாதீங்கண்ணே! ஓடுற தண்ணியில கண்ணத் தெறந்து வச்சுக் கழுவுங்க. கால் மணி நேரத்துக்கு நிறுத்தாதீங்க. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. போத்தலையும் காட்டுங்க.”

பின்னால் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வசந்தன் மறுபடி அழைத்தார். ஒரு கண் பரவாயில்லையாம், இன்னொன்று மங்கல். உடனே கழுவியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

இன்று சுகுமாறன் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“இங்க பாரு. நேத்துக் காலையில சிகாமட் பக்கத்துல ஒரு ஆளு. ஒரு மருந்துல ஆரம்பிச்சு, அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு போத்தல் போத்தலா பார்த்திருக்கான். வெளியவே போகல! நம்ம புது லிங்க் எப்படி வேல செய்யுது பார்த்தியா? தலைமையகத்துக்குப் போற ஸ்லைட்ல இதப் போடு.”

திரையில் இருந்த நேரம், வசந்தன் என்னை அழைப்பதற்குச் சற்று முன்.

“அவர் மருந்து வாங்க வரல சார். முதலுதவி தேடியிருக்காரு. நாம வழிய அடைச்சு வச்சிருந்தோம். ஒரு பொம்பளைக்குக் கண்ணு மங்கிப் போச்சு.”

நேற்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

“சரி,” என்றார். “அப்படின்னா ஊர் பேரு மட்டும் போட வேணாம்.”

என் மேசைக்குத் திரும்பினேன். யாரையும் கேட்காமல் வழிவரியைத் திரும்பப் போட்டேன். எல்லா மருந்தின் பக்கத்திலும், போத்தல் படத்துக்கு மேலேயே, முதலுதவி இணைப்பை வைத்தேன். வேலை போனால் போகட்டும். அந்த ஸ்லைடைச் சுகுமாறனே செய்துகொள்ளட்டும்.