விளக்கெண்ணெயும் சாக்குப் படுதாவும்

ஞாயிற்றுக்கிழமை துணி அலசும்போதுதான் வேலாத்தாள் பேத்தியின் பாவாடையில் ரத்தக் கறையைப் பார்த்தாள். மாதாமாதம் வருவதுதான் என்று முதலில் விட்டுவிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்தால் அதற்கான நாளும் இல்லை. சோப்பு நுரைக் கையோடு உள்ளே போய்க் கேட்டாள். அமராவதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அதில்லீங்க அம்மாயி. வெளிக்கிப் போறப்ப வருது."

"எத்தன நாளா?"

"போறதே எப்பவாச்சுந்தானுங்க. போறப்பெல்லாம் வருது."

மகள் குன்னத்தூரில் தோட்டங்காட்டில் கிடந்து பாடுபடுகிறாள். அவள் பெற்ற பெண்ணைத் திருப்பூருக்குக் கூட்டிவந்து தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டது வேலாத்தாள்தான். உடம்பைக் கெடுத்துத் திருப்பி அனுப்பினால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

பக்கத்து வீட்டுச் சின்னாத்தாளிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. வாயில் ஊசி போட்டுத் தைத்தாலும் பேசுகிறவள் அவள். "ஒரு நாளு வெளிக்கிப் போகாட்டி அது ரத்தத்துல கலந்து தலைக்கேறிரும்" என்று ஆரம்பித்தவள், வாராவாரம் விளக்கெண்ணெய் குடித்துக் குடலைக் கழுவச் சொன்னாள். கம்பெனியில் கூட வேலை செய்யும் ராமாயி, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, ஏற்கெனவே வேறு வைத்தியம் சொல்லியிருந்தாள். சோப்பைச் சின்னதாகச் சீவிப் பின்னால் வைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாம். அமராவதி அதையும் செய்து பார்த்திருக்கிறாள். எரிச்சலில் ஒரு நாள் முழுக்க உட்கார முடியாமல் கிடந்தது அன்றைக்குத்தான் வேலாத்தாளுக்குத் தெரிந்தது. கொய்யாப் பழம் தின்றால் கொட்டை குடலை அடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம், ஆசைப்பட்ட பழத்தையும் விட்டிருக்கிறாள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கியிருக்கிறாள். ஒரே சட்டியில் சாப்பிடுகிற கிழவிக்கு இது ஒன்றும் கண்ணில் படவில்லை. தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

மெடிக்கல் கடைக்காரர் மலம் இளக இசப்கோல் பொடி கொடுத்தார். நல்ல சாமான்தான், குற்றம் சொல்ல முடியாது. நிறையத் தண்ணீரோடு குடிக்கச் சொல்லியுமிருந்தார். அமராவதி ஒரு மடக்குத் தண்ணீரில் பொடியை விழுங்கிவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். அங்கே பொழுதுக்கும் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் அதே கதை. நோய் குறைவதற்குப் பதில் வயிறு கல்லாக இறுகிக்கொண்டது. வேலாத்தாள் அரை நாள் லீவு சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, "வேலையில தண்ணி குடிக்கிறியாம்மா?" என்பதுதான்.

அமராவதி அம்மாயியைப் பார்த்தாள். அந்தப் பார்வை வேலாத்தாளைச் சுட்டது. கம்பெனியில் கால் வைத்த முதல் நாளே, "உள்ள வந்தா தண்ணி குடிக்காத கண்ணு, குடிச்சா எந்திரிச்சுப் போகோணும்" என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வேலாத்தாளுக்கு அதை வேறொருத்தி சொல்லியிருந்தாள். அந்தக் கம்பெனியில் புதிதாக வரும் பெண்ணுக்கு வேலை கற்றுத்தருவதற்கு முன்பே இதைக் கற்றுத்தந்துவிடுவார்கள்.

"மலம் உள்ள தங்கத் தங்கக் குடல் அதுல இருக்கிற தண்ணிய உறிஞ்சிக்கும். கெட்டியாகும். அது வரும்போது கிழிச்சிட்டு வருது, அந்த வெடிப்புலதான் ரத்தம். வலிக்குப் பயந்து இன்னும் அடக்கறா, இன்னும் கெட்டியாகுது" என்றார் டாக்டரம்மா. "வர்ற நேரத்துல போகாம அடக்கினா, நாளாவட்டத்துல வர்ற உணர்ச்சியே மங்கிடும். அந்தப் பொடி தண்ணிய இழுத்து ஊதுற பொடி. தண்ணி இல்லாம போட்டா அதுவே அடைச்சுக்கும்." களிம்பும் கொஞ்ச நாளைக்கு மருந்தும் எழுதிக்கொடுத்தார். ரத்தம் நிற்காவிட்டால் திரும்பி வர வேண்டும், வயிறு உப்பி வாந்தி எடுத்தால் வீட்டில் எதுவும் கொடுக்காமல் உடனே ஓடிவர வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று பொழுதோடு வேலாத்தாள் அடுப்பங்கரையில் பேத்தியை உட்காரவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் பெற்று வளர்த்தவள், எந்த வைத்தியம் கேட்டது எது கேட்கவில்லை என்ற நினைப்பு இருந்தது. அதோடு டாக்டரம்மா சொன்னதைச் சேர்த்து உரசிப் பார்த்தாள்.

"சோப்பத் தூக்கி வீசு. புண்ணுல காரம் வெக்கிறதும் ஒண்ணு, அது வெக்கிறதும் ஒண்ணு. தலைக்கேறும்னு சின்னாத்தா சொன்னா பாரு, அது சும்மா மெரட்டறது. செல பேருக்கு ரெண்டு நாளைக்கொருக்கா போனாலுஞ் சரிதான். வலியில்லாம, கெட்டியில்லாம போகோணும், அதுதான் கணக்கு."

"வெளக்கெண்ணெய்ங்க?"

"எப்பவாச்சும் ஒருக்கா பெரியவங்க குடிச்சா குடிக்கிறாங்க. வாராவாரம் ஊத்துனா வயிறு புடுங்கும், அப்பறம் எண்ணெயில்லாம குடலு அசையறதுக்கே சோம்பேறித்தனப்படும். வயித்துல வலி இருக்கறப்ப அதத் தொடவே கூடாது. என்ற ஊட்டுக்காரரு, உன்ற அப்புச்சி, தொப்புள்ள தடவிக்குவாரு. அதுனால கெடுதலும் இல்ல, ஒண்ணும் ஆவறதும் இல்ல."

அமராவதிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

"கொய்யா தின்னு. கொட்டையோட தின்னு. கம்மஞ்சோறு, கீர, அவரக்கா, ஒலந்த திராட்சைய ஊறவெச்சு, இதெல்லாம் நெசமாலுமே கேக்கும். ஒரே நாள்ல அள்ளிப் போட்டீன்னா வயிறு ஊதிக்கும், மெல்ல மெல்லக் கூட்டோணும். சோத்தக் கொறைக்காத. ஆனா கண்ணு, இத்தனையும் தண்ணி இருந்தாத்தான். பொடி என்ன பண்ணுச்சுன்னு பாத்தியல்ல. காத்தால பலகாரம் சாப்பிட்டு சித்த நேரத்துல குடலு அசையும். அப்ப போயிரோணும். அடக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். பலகாரம் சாப்பிட்டுச் சித்த நேரத்தில் அவர்கள் இருவரும் கம்பெனியில் இருப்பார்கள். வீட்டில் கக்கூஸ் கிடையாது. லைன் வீட்டுப் பெண்கள் ஒதுங்கிக்கொண்டிருந்த முள்ளுக்காட்டில் பாதியைச் சாயப்பட்டறை விழுங்கியாயிற்று, மீதியில் விடிந்த பிறகு தலை காட்ட முடியாது. இருட்டோடு போனால் உடம்பு ஒத்துழைக்காது. உடம்புக்கு வரும் நேரத்தில் இடம் இல்லை, இடம் இருக்கும் நேரத்தில் வருவதில்லை.

"நான் தண்ணி குடிக்காதீன்னு சொன்னம் பாரு" என்றாள் வேலாத்தாள். "இருக்கறதுலயே மோசமான வைத்தியம் அதுதான் சாமி. அதயும் தூக்கி வீசீரு."

கம்பெனியில் இத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். கதவு எப்போதோ விழுந்து, சாக்குப் படுதா தொங்கியது. கட்டிங் மாஸ்டர்களும் பையன்களும் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். படுதா காற்றில் தூக்கும், சில நேரம் காற்று இல்லாமலும் தூக்கும். அது போக, அமராவதி ஓவர்லாக் டெய்லருக்குக் கைமடி. அவர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுக்கி அடுத்த பீஸை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் எழுந்தால் அவர் மிஷின் நிற்கும். பீசுக்குக் கூலி வாங்குகிறவர் சும்மா இருப்பாரா? "இப்பத்தான போன?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்பார்.

மறுநாளிலிருந்து வேலாத்தாள் ஒரு வழி செய்தாள். பேத்தி எழுந்தால் பிசிறு வெட்டும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அவளும் எழுந்தாள். கழிவு பனியன் துணியைப் பாய் அகலத்துக்குக் கோத்து வைத்திருந்தாள், அதைப் படுதாவின் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் முகத்தைக் காட்டி நின்றாள். ஒருத்தன் இளித்தான். "உங்காத்தாளும் இப்படித்தான் போவா தம்பி" என்றாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். போகும் பெண்கள் எல்லோரும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ராமாயியும் வந்தாள், சோப்பு வைத்தியத்துக்காகத் திட்டு வாங்கிக்கொண்டே.

நாலைந்து வாரத்தில் அமராவதிக்கு ரத்தம் நின்றது. முகத்தில் களை வந்தது. குன்னத்தூருக்குப் போகும்போது தைரியமாகப் போகலாம் என்று வேலாத்தாள் நினைத்தாள்.

சூப்பர்வைசர் ஆறுச்சாமி கெட்ட மனிதர் இல்லை. ஷிப்மெண்டுக்கு நாள் நெருங்கியதும் நல்ல மனிதராக இருக்க அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

"ஏனுங்க ஆத்தா, பிசிறு வெட்டறதுக்குச் சம்பளம் தர்றமா, கக்கூசுக்கு வாட்ச்மேன் வேலைக்கா?" என்றார்.

"ஒரு கதவு போட்டுக் குடுத்தீங்கன்னா நான் எதுக்குங்க நிக்கறன்?"

"மொதலாளிகிட்டச் சொல்றனுங்க."

சொன்னார். முதலாளி வேறு மாதிரி தீர்த்தார். வயசாளிகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அந்த வாரமே வேலாத்தாளை நிறுத்திவிட்டார்கள். படுதா அப்படியே தொங்கியது.

இரண்டு சம்பளத்தில் ஓடிய குடும்பம், மிச்சமிருந்த ஒன்றையும் விட முடியுமா? திங்கட்கிழமை அமராவதி மட்டும் போனாள். வேலாத்தாள் கம்மஞ்சோறு கரைத்துக் கொடுத்து, கொய்யாப்பழம் நறுக்கிக் கட்டி, எல்லாம் சொன்னபடி செய்து அனுப்பினாள். பகல் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பொழுதோடு வந்தவள் சுவரோரம் உட்கார்ந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"போனியா கண்ணு?"

"இல்லீங்க அம்மாயி."

"ராமாயியக் கூப்புட்டிருக்கலாமல்ல? நீ போறப்ப அவ நிக்கட்டும், அவ போறப்ப நீ நில்லு."

அமராவதி நகத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "அவிங்களே வந்து கேட்டாங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டு வந்து, சித்த நில்லு தாயின்னு கேட்டாங்க. ஆறுச்சாமியண்ணன் பாத்துக்கிட்டிருந்தாருங்க. என்னால வர முடியாதுன்னு சொல்லீட்டனுங்க. அவிங்க கக்கூசுக்குப் போகாமயே திரும்பி எடத்துல போய் உக்காந்துக்கிட்டாங்க."

வேலாத்தாளுக்கு வைவதற்கு வாய் வந்தது, வையவில்லை. எதைத் தின்ன வேண்டும், எதைத் தூக்கி வீச வேண்டும் என்றெல்லாம் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். இதற்கு என்ன சொல்லிக் கொடுப்பது? எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மோந்து கொண்டுவந்து பேத்தியின் முன்னால் வைத்தாள்.

அமராவதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாளைக்கும் வேலைக்குப் போகோணுமுங்க அம்மாயி" என்றாள்.