கடைசி விளக்கின் தகடு

அன்று ஊர்காவற்றுறைத் துறையடிக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்குரிய வைத்திலிங்கம், அவருடைய தம்பி சரவணமுத்து, சுருவிலிலிருந்து வந்த ஆழ்வாப்பிள்ளை, அல்லைப்பிட்டிக் கடற்றொழிலாளி பிலிப்பு, நூற்கண்டு வாங்க வந்து போக மனமில்லாமல் நின்ற அல்போன்சம்மா.

அறுபத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதம். காற்று ஓய்ந்திருந்தது. கடல் வெள்ளித் தட்டுப்போல அசையாமல் கிடக்க, துறையில் கட்டிய வள்ளங்கள் தங்கள் நிழலின் மேலே தூங்கின.

கடைக்கு இரண்டு வாசல்கள். தெருவைப் பார்த்த வாசலில் வைத்திலிங்கம் இருப்பார். கடலைப் பார்த்த வாசலில் சரவணமுத்து. நடுவில் சாமான் அறை. ஒரு வாசலில் நிற்பவருக்கு மற்ற வாசலில் நடப்பது தெரியாது. முன்பு ஒருமுறை, ஒரே சைக்கிளை அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமும் ஒரே மூச்சில் விற்றுவிட்டார்கள். வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டாமல், வெயிலில் மூன்று மைல் நடந்து போய், ஒருவரின் முற்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் எவரும் அப்படி நின்றதில்லை.

அதன் பிறகுதான் தகடு வந்தது. சாமான் அறைச் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஆணிகள். ஆறு விளக்கு வந்து இறங்கினால் விளக்கு ஆணியில் ஆறு தகரத் தகடுகள். தகட்டைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான் வாங்க வந்தவரிடம் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். ஒரு தகட்டை இரண்டு கைகள் எடுக்க முடியாது. வாங்குபவர் காசெடுக்கப் போனால், தேவாலயத்தில் மத்தியான மணி அடிக்கும்வரை தகடு விற்பவரின் மடியில் இருக்கும். அதற்குள் அவர் வராவிட்டால் திரும்பவும் ஆணிக்குப் போகும். இந்த ஒழுங்கை வகுத்தவர் வைத்திலிங்கமே.

அந்த வருடம் வெளிநாட்டுச் சாமான் அருமை. பெற்றோமாக்ஸ் விளக்கு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எப்போது இனி வரும் என்று கொழும்பிலும் எவருக்கும் தெரியாது.

பதினொரு மணிபோல ஆழ்வாப்பிள்ளை தெருவாசலால் வந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம். அவருடைய மகனுக்கு வைத்திலிங்கத்தின் மகள் சறோஜினிதேவியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிவாகும் தறுவாயில் இருந்தது. வைத்திலிங்கம் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார். கலியாணப் பந்தலுக்கு ஒரு நல்ல விளக்கு வேண்டும் என்றார் ஆழ்வாப்பிள்ளை, கேட்கும் தோரணையில் அல்ல, எடுத்துப் போக வந்தவரின் தோரணையில்.

வைத்திலிங்கம் சாமான் அறைக்குள் போனார். ஓட்டின் இடுக்கால் விழுந்த வெயிலில் தூசி மெதுவாக மிதந்தது. விளக்கு ஆணியில் ஒரு தகடு தொங்கியது. கை அதை நோக்கிப் போய் நின்றது. சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் தகரத்துண்டோடு போய் நிற்பதா? அது கடைக்கு வந்தவருக்குச் செய்வது, உறவுக்குச் செய்வதல்ல. அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"இருக்கு. உங்களுக்குத்தான்," என்றார்.

அவர் முதுகு திரும்பியதும் மற்றக் கதவால் சரவணமுத்து உள்ளே வந்ததையும், தகட்டைக் கழற்றியதையும் அவர் அறியவில்லை. கலியாண வீட்டுச் சமையலுக்கு ஆள் பிடித்தாயிற்றா என்று விசாரித்துவிட்டு, விளக்கை எடுக்க மறுபடி உள்ளே போனபோது ஆணி வெறுமையாக இருந்தது. ஆனால் அலுமாரித் தட்டில் விளக்கு இருந்தது, வைக்கோலுக்குள் கழுத்து வரை புதைந்து, கண்ணாடி மட்டும் மின்னிக்கொண்டு. கண்முன்னே இருந்தும் அது கடையில் இல்லை. நீருக்கடியில் கிடக்கும் பொருளைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கடல்வாசலுக்குப் போனார். தகட்டுக்குரிய பிலிப்பு அங்கே இல்லை. அமாவாசை இருட்டு வருகிறது, வெளிச்சம் பிடித்து இறால் அள்ளும் நாட்கள். பழைய விளக்குக் கடலில் விழுந்துவிட்டது என்று கேட்டு வந்தவன், மீன் சந்தையில் நின்ற மனைவி மாக்கிறேற்றிடம் காசெடுக்கப் போயிருந்தான். சரவணமுத்து மடியைத் தொட்டுக் காட்டினார்.

"நான் எடுக்கேக்க ஆணியில இருந்தது, அண்ணை."

"நான் பார்க்கேக்கையும் இருந்தது."

"பார்த்தீங்கள். எடுக்கேல்லையே."

வாசலோரம் நின்ற அல்போன்சம்மா நூற்கண்டைச் சுற்றிக்கொண்டே, சட்டம் போட்டவருக்குச் சட்டம் இல்லையாக்கும் என்று கடலுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தம்பி குரலைத் தாழ்த்தினார். வாசலுக்கு அப்பால் இருப்பவர் யார் என்று அவருக்கும் தெரியும். சறோஜினி அவருக்கும் பிள்ளைதான்.

"பிலிப்பு இன்னும் காசு தரேல்ல. அண்ணை சொன்னால் தகட்டைத் தாறன்."

கையை நீட்டினால் போதும். சம்பந்தம் நிற்கும், சொன்ன சொல்லும் நிற்கும். வைத்திலிங்கம் தம்பியின் கையைப் பிடித்து மடியில் திரும்ப வைத்தார்.

"உன்ர மடியில கிடந்தாலும் அது பிலிப்புவின்ர. மணி அடிச்சாப் பிறகுதான் ஆணிக்கு."

தெருவாசலுக்கு வந்து, கதிரைக்கு எதிரே நின்றபடியே, நடந்ததை மறைக்காமல் சொன்னார். பன்னிரண்டு மணிக்குள் அவன் வராவிட்டால் விளக்கு உங்களுக்கு, வந்தால் எனக்கு அதில் உரிமை இல்லை என்றார். ஆழ்வாப்பிள்ளை சோடாப் போத்தலைக் கீழே வைத்தார்.

"உங்கட சொல்லுக்கு மேல ஒரு தகரத்துண்டோ?"

"வெறுங்கையோட சொன்ன சொல்லு அது. பிழை என்ர."

வெயில் படியேறி, கதிரைக் காலைத் தொட்டு, ஆழ்வாப்பிள்ளையின் செருப்பில் அமர்ந்தது. எங்கோ ஒரு லோஞ்சுப் படகின் இயந்திரம் துடித்து, தூரத்தில் கரைந்து போனது. நேரம் நகர்கிறதா, கடலைப்போல நின்றுவிட்டதா என்று வைத்திலிங்கத்துக்குத் தெரியவில்லை. பிலிப்பு வராமல் போகட்டும் என்று மனம் ஒருதரம் கேட்டது. கேட்டதற்காக அவர் வெட்கப்பட்டார்.

கடல்வாசலில் காலடி கேட்டது. முழங்கால்வரை நனைந்து, ஈர நோட்டுகளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பிலிப்பு நின்றான். சரவணமுத்து காசை வாங்கினார், தகட்டைக் கொடுத்தார், தகட்டை வாங்கி விளக்கைக் கொடுத்தார். பிலிப்பு அதைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு படியிறங்கிய பின்னர்தான் மணி அடித்தது.

வைத்திலிங்கம் தன் வீட்டு விளக்கைக் கலியாணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆழ்வாப்பிள்ளை எழுந்து சால்வையைத் தோளில் போட்டார்.

"இரவல் வெளிச்சத்தில என்ர பிள்ளைக்குத் தாலி ஏறாது."

இரண்டு கிழமைக்குப் பிறகு, சம்பந்தப் பேச்சை நிறுத்திக்கொள்வோம் என்று தரகர் வந்து சொன்னார். வைத்திலிங்கம் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். உள்ளே போய் மனைவி இலட்சுமிப்பிள்ளையிடமும் மகளிடமும், குற்றம் ஆழ்வாப்பிள்ளையிடம் இல்லை, பிலிப்புவிடம் இல்லை, தகட்டை எடுக்காமல் வாய் திறந்த தன்னிடமே என்று சொன்னார். சறோஜினிதேவி தலை குனியவில்லை. பிலிப்புவின் விளக்கு கடலில் எரிகிறதா என்று மட்டும் கேட்டாள். எரிகிறது என்றார்.

பின்பு தன் வீட்டுக்கு ஒரு வாளி எடுத்தாலும் அவர் முதலில் ஆணிக்குத்தான் கை நீட்டினார்.

வைத்திலிங்கத்தின் கடையில் ஒரே விளக்கை இரண்டு பேருக்கு விற்றார்கள், அதனால் சம்பந்தம் முறிந்தது என்று சுருவில் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அது உண்மையல்ல. அந்த விளக்கு ஒருமுறைதான் விற்கப்பட்டது, பிலிப்புவுக்கு.