டீசல் வாடை

சங்ககிரியில் ஒரு லாரி கம்பெனி. டேங்கிலிருந்து டீசலை இறக்கி எடுத்ததாக டிரைவர் ரூபன் மீது குற்றச்சாட்டு. அதை விசாரித்து அறிக்கை தர வழக்கறிஞரான என்னை அமர்த்தினார்கள்.

நிர்வாகத் தரப்பில் வாட்ச்மேன் கந்தன்தான் ஒரே சாட்சி. ரூபன் அவரைக் குறுக்கு விசாரணை செய்தான்.

"நான் எடுத்ததப் பாத்தீங்களாண்ணா?"

"பாக்கல சாமி. உன்ற கையில டீசல் வாடை அடிச்சுது."

"கிரீஸ் போட்டா டீசல்லதானுங்களே கை கழுவறோம்?"

"அது வாஸ்தவந்தான்."

இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே அறிக்கையில் சேர்த்தேன். டீசல் குறைந்தது நிரூபணமாகியிருக்கிறது, ரூபன் எடுத்தார் என்பது நிரூபணமாகவில்லை என்று முடித்தேன்.

மேனேஜர் குருமூர்த்தி படித்துவிட்டுக் குதித்தார். "ஏனுங்க ஹெலன் மேடம், திருடன்னு ஒரு வார்த்தை எழுதுனா கொறஞ்சா போயிருவீங்க? டிஸ்மிஸ் பண்ணலாம்னுகூடப் போடலியே!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தண்டனை கம்பெனி முடிவு பண்றதுங்க. சாட்சி பாக்காதத நான் பாத்த மாதிரி எழுத முடியாது."

"அப்பறம் யாருங்க எடுத்தது?"

அந்தக் கேள்விதான் என் மண்டையையும் குடைந்துகொண்டிருந்தது. அறிக்கை கிடைத்ததாக அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து நகலைப் பிரித்தேன். குப்பென்று டீசல் வாடை அடித்தது. குருமூர்த்தி எந்த லாரிக்கும் கிரீஸ் போடுகிறவர் அல்ல.

மறுபடி முகர்ந்து பார்த்தேன். அவரும் எதற்காவது கை கழுவியிருக்கலாம். பேனா பைக்குள்ளேயே இருந்தது.