பிறந்ததிலிருந்து

குழந்தைச் சாமான்கள் விற்கும் இணையக் கடையில் பொருள் விவரம் எழுதுவது அவள் வேலை. மடக்குத் தள்ளுவண்டி ஒன்றுக்கு, பதினைந்து கிலோ வரை தாங்கும், மடித்தால் நீளம் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், முன்சக்கரத்தைச் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்தவும் என்று எழுதியவள், வயதுக்கு ‘ஆறு மாதம் முதல்’ என்று போட்டாள்.

மேலாளர் முகம் சுளித்தார். "எல்லாரும் பிறந்ததிலிருந்துன்னுதான் போடுறாங்க."

"சார், இதோட சாய்மானம் முழுசா படுக்காது. தலை நிக்காத குழந்தைக்குப் பாதுகாப்பு விதியே ஒத்துக்காது."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே மாற்றிவிட்டார். அவளும் அடுத்த பொருளை எழுதப் போய்விட்டாள்.

சில நாளில் நாத்தனாரிடமிருந்து படம் வந்தது. பிறந்து மூன்று வாரமான குழந்தை அதே வண்டியில், மோவாய் நெஞ்சில் புதைய, தூங்கிக்கொண்டிருந்தது. உடனே அழைத்தாள்.

"முதல்ல குழந்தையத் தூக்கு. கழுத்து மடங்கி மூச்சு தடைபடும்."

குழந்தை வீறிட்டது. அந்த அழுகை கேட்டபின்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"அண்ணி, நீங்க எழுதினதுன்னு நம்பித்தானே வாங்கினேன்?"

அழைப்பு முடிந்ததும் அவள் கணினியைத் திறந்தாள். விவரத்தைத் திருத்திவிட்டு, வாங்கிய எல்லோருக்கும் எச்சரிக்கை எழுதினாள்.

"அனுப்பினா உங்க வேலை போயிடும்," என்றார் மேலாளர்.

அனுப்பினாள்.

முதல் பதில் உடனே வந்தது: ‘பாப்பா இப்போ அதுலதான் தூங்குது. என்ன செய்யணும்?’

அவள் தொலைபேசியை எடுத்தாள்.