எரியும் நாக்கு

1930களில் வேலூர் லாங் பஜாரில் எண்ணெய்க் கடை வைத்திருந்த கோதண்டபாணியின் மனைவி வள்ளியம்மாளுக்கு மாதக்கணக்காக நாக்கு எரிந்தது. கொதிக்கும் கஞ்சியை வாயில் அடக்கி வைத்தது போன்ற எரிச்சல். கண்ணாடியில் பார்த்தால் ஒரு புண்கூட இல்லை.

"புண்ணே இல்ல, இன்னா எரிச்சல்? யாரையோ வாயாலே நோகடிச்சிருக்கா" என்றாள் மாமியார். வள்ளியம்மாள் வெற்றிலையை விட்டாள். மிளகாயை விட்டாள். கடைசியில் மோரும் சோறும்கூட எரிந்தன. நிஜமாகவே யாரையாவது நோகடித்தோமா என்று யோசிக்கத் தொடங்கினாள்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போனவள் பக்கத்து வீட்டு மஹ்பூபி.

டாக்டர் அமிர்தவள்ளி விளக்கொளியில் நாக்கைப் பார்த்தார். பல் முனை குத்துகிறதா என்று தடவினார். சிறுநீரை நீல மருந்தோடு கொதிக்க வைத்தார். நிறம் மாறவில்லை, சர்க்கரை இல்லை. இரும்பு மாத்திரை தின்றும் குணமில்லை என்றாள் வள்ளியம்மாள்.

"மனசுல பயம் இருந்தாலும் வாய் எரியும். ஆனா உங்க நாக்கு வழவழன்னு இருக்கு. கால் எப்படி?"

"மரத்துப் போவுது. செருப்பு கழண்டாக்கூட தெரில."

டாக்டர் இரண்டு முனை கொண்ட எஃகு இசைக்கவையைத் தட்டி அவள் மணிக்கட்டில் வைத்தார். வண்டு முனகுவது போல எலும்புக்குள் அதிர்ந்தது. மறுபடி தட்டிக் கணுக்காலில் வைத்தார்.

"இன்னும் வைக்கலியா?" என்றாள் வள்ளியம்மாள்.

குனிந்து பார்த்தாள். கவை காலில்தான் இருந்தது.

விரல் நுனியில் எடுத்த ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த டாக்டர், "அணுக்கள் கம்மி. இருக்கிறதும் அளவுக்கு மீறிப் பெருசு. ரத்தம், நரம்பு, நாக்கு மூணும் ஒரே சத்துக்காக ஏங்குது. அது ஈரல்ல இருக்கு" என்றார்.

"நாங்க முட்டைகூடத் தொட மாட்டோமே!"

"விட்டா நடக்கவே முடியாம போயிடும்மா."

வீடு திரும்பியதும் கோதண்டபாணியிடம் சொன்னார்கள். அவர் மஹ்பூபியிடம், "நீங்களே ஆக்கிக் குடுங்கம்மா" என்றார்.

தினமும் மஹ்பூபி ஆட்டு ஈரலை லேசாக வதக்கி, அரைத்து, எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்தாள். வள்ளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். முதல் நாள் வாந்தி எடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் குளிர்ந்திருந்தது. உள்ளே ஓடி உப்புக்கல் ஒன்றை நாக்கில் வைத்தாள். கரித்தது, எரியவில்லை. அழுதுகொண்டே இன்னொரு கல்லை எடுத்தாள்.

கால் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரியில் கவையை வைத்தபோது கணுக்காலில் மெல்லிய அதிர்வு தெரிந்தது. பாதம் மட்டும் கொஞ்சம் மரத்தே இருந்தது.

"அந்த ஈரல்ல இன்னாதான் இருக்கு டாக்டரம்மா?"

"பேர் இன்னும் யாருக்கும் தெரியாது. தேடிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லி, மறுபடி எடுத்த ரத்தத்துளி வைத்திருந்த நுண்ணோக்கியை அவள் பக்கம் திருப்பினார் டாக்டர்.

வள்ளியம்மாள் ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். தன் ரத்தம் வட்டம் வட்டமாக நிறைந்து கிடந்தது. மஹ்பூபி தோளைத் தொட்டு, "எனக்கும் காட்டு" என்று கேட்ட பிறகும் அவள் நகரவில்லை.