ஆறு படங்கள்

சங்கரன்கோவிலில் காந்திமதிநாதன் நடத்தும் டெலிவரி கிச்சனின் முப்பது உணவுகளையும் அங்கே வேலைபார்க்கும் பொன்செல்விதான் ஆர்டர் எடுக்கும் மொபைல் ஆப்புக்காகப் படமெடுத்திருந்தாள். எல்லாம் ஒரே கறுப்புக் கிண்ணத்தில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில். பிறகு புதிதாகச் சேர்ந்த ஆறு உணவுகளை மட்டும் முதலாளியின் மருமகன் வெங்கடேஷ் பெரிய கேமராவோடு வந்து எடுத்தான். ஒன்று வாழையிலையில், ஒன்று பூப்போட்ட தட்டில். சால்னாவின் மேல் ஃபிளாஷ் வெள்ளைத் திட்டாக விழுந்திருந்தது. ஆப்பில் ஏற்றியதும் ஆறும் வேறு கடைச் சாப்பாடுபோலத் தெரிந்தன.

“இதுதான் கிரியேட்டிவிட்டி. பழைய முப்பதையும் இதே மாதிரி மாத்திருவோம்” என்றான்.

“ஆறும் ஆறு மாதிரில்லா இருக்கு. எது மாதிரி மாத்தணும்?” என்றாள் பொன்செல்வி.

காந்திமதிநாதன் மருமகனைப் பார்க்காமல், “நீயே திரும்ப எடுத்துரு, தாயி” என்றார்.

மறுநாள் காலை, நிழலைக் குறைக்கும் வெள்ளைத் தெர்மாகோலை அவள் வெங்கடேஷ் கையில் கொடுத்தாள்.

“அசையாம நிக்கத் தெரியும்லா?”

அதுவும் அவனுக்குச் சரியாக வரவில்லை.